எட்டு அடி ஹோலுக்கு எத்தனை அங்குல டிவி?

கடைக்குப் போவதற்கு முன் அளவுநாடாவை எடுத்து, டிவி வரப்போகும் சுவரிலிருந்து செட்டியில் உட்காருபவரின் கண் வரை எவ்வளவு தூரம் என்று பாருங்கள். வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடொன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள், அந்தத் தூரம் எட்டு அடி, அதாவது 2.4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

எச்டி படத்தைத் திரை உயரத்தின் மூன்று மடங்கு தூரத்திலிருந்தும் பார்க்கலாம். பழைய எஸ்டி தரத்தில் வரும் சேனலுக்கு ஆறு மடங்காவது தேவை. 55 அங்குலத் திரையின் உயரம் சுமார் 68 செ.மீ. எச்டிக்கு இரண்டு மீட்டர் போதும் என்பதால் உங்கள் ஹோலில் அது சரியாக அமையும். ஆனால் அதே திரையில் எஸ்டி சேனலைப் போட்டால் நான்கு மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். எட்டு அடியில் எழுத்துகளின் ஓரம் கலங்கி, முகங்கள் மெழுகு போலத் தெரியும். 4கே டிவி வாங்கினாலும் இது மாறாது, வருகிற படத்தில் இல்லாத விவரத்தை அது உருவாக்காது. ஆகவே டயலொக் டிவி இணைப்போ பியோ டிவி இணைப்போ எடுக்கும்போது, வீட்டில் தினமும் பார்க்கும் சேனல்கள் எச்டியில் வருமா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் எஸ்டிதான் என்றால் 43 அங்குலமே நல்லது. கிரிக்கெட்டும் யூடியூப்பும் எச்டியில்தான் என்றால் 55க்குச் செலவழிக்கலாம்.

அடுத்தது பேனல், அதாவது படம் தெரியும் திரைப் பலகை. விஏ, ஐபிஎஸ் என்பவை அதன் இரண்டு வகைகள். விஏ பேனலில் கறுப்பு நல்ல அடர்த்தியாகத் தெரியும், ஆனால் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுத்துவிடும். ஐபிஎஸ் பேனல் பக்கத்திலிருந்தும் ஒழுங்காகத் தெரியும், ஆனால் இருட்டறையில் கறுப்பு சாம்பலாகும். அம்மா சாப்பாட்டு மேசையிலிருந்தும் பிள்ளைகள் தரையிலிருந்தும் பார்க்கும் வீட்டுக்கு ஐபிஎஸ்தான் எங்கள் தேர்வு. ஒரே மொடலிலேயே 43இல் ஒரு பேனலும் 50இல் வேறொன்றும் இருக்கக்கூடும், அதனால் பெயரை மட்டும் நம்பாதீர்கள். கடையில் முகங்கள் நிறைந்த காட்சியொன்றைப் போடச்சொல்லி, நேரே நின்று பார்த்த பிறகு பக்கமாக நாலைந்து அடி நகருங்கள். தோலின் நிறம் வெளுத்தால் அது விஏ.

விலை மலிவான சில ஸ்மார்ட் டிவிகளில் நெட்பிளிக்ஸ் இயங்காது, இயங்கினாலும் எஸ்டியில்தான் வரும். அந்தச் செயலிக்கான அனுமதி அந்த டிவிக்கு இல்லாததே காரணம். கடையிலேயே உங்கள் கணக்கில் நுழைந்து ஒரு படத்தை ஓடவிட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். நொடிக்கு 120 தடவை படம் மாறும் 120 ஹெர்ட்ஸ் திரை முக்கியமாக வீடியோ கேம் ஆடுபவர்களுக்குத்தான் பயன்படும். மற்றவர்கள் அந்தப் பணத்தை ஐபிஎஸ் பேனலுக்கோ சவுண்ட்பாருக்கோ போடலாம்.

வாங்கிய பிறகும் ஒன்று: ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் மாலை இடி இங்கே பலமாக இருக்கும். பிளக்கை மட்டும் கழற்றினால் போதாது, டிஷ் கேபிளையும் டிவியோடு இணைத்திருக்கும் சேனல் பெட்டியிலிருந்து கழற்றிவையுங்கள். மின்னலின் அதிர்வு அந்தக் கேபிள் வழியாகவும் பெட்டிக்குள் இறங்கி, எச்டிஎம்ஐ வயர் வழியாக டிவியின் போர்டை எரித்துவிடக்கூடும்.