கும்பகோணத்தில் கேரியர் சாப்பாடு: லாபம் யார் கையில் என்று கண்டுபிடிப்பது எப்படி?

அத்தை வீட்டிலேயே சமைத்துக் கேரியர் சாப்பாடு கொடுக்கிறார். எதிர்வீட்டில் ஒருவர் புதிதாக அதே தொழிலை ஆரம்பித்ததும் பதறிப்போனார். நோட்டை எடுத்து, ஹார்வர்ட் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1979-ல் எழுதிய ஐந்து சக்திகள் முறையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். வாங்குபவர், சரக்கு தருபவர், மாற்று, புதிதாக நுழைபவர், போட்டியாளர் என்ற ஐந்தும் ஒரு தொழிலின் லாபத்தை எப்படி இழுக்கின்றன என்று பார்ப்பதுதான் அந்த முறை. அதையே இங்கே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதலில் எல்லையைக் குறியுங்கள். 'உணவுத் தொழில்' என்று பொதுவாக எழுதினால் ஒன்றும் பிடிபடாது. நாங்கள் எழுதியது: மதியச் சாப்பாடு, 3 கிலோமீட்டருக்குள், ஒரு நாளைக்கு 50 கேரியர்.

அடுத்து, வாங்குபவர்கள். இங்கே நிதானமாக உட்காருங்கள். ஒரு சாப்பாடு 70 ரூபாய், எல்லாச் செலவும் போக 12 ரூபாய் மிச்சம், ஆக நாளுக்கு 600. ஆனால் 50-இல் 30 கேரியர் ஒரே அலுவலகத்துக்குப் போகிறது. அவர்கள் 62 ரூபாய்க்குக் கேட்டால் அங்கே மிச்சம் 4 ரூபாய்தான், மொத்தம் 360-க்கு இறங்கிவிடும். முடியாது என்று சொல்லி ஆர்டர் போனால் 240-தான் நிற்கும், அதனால் சம்மதித்தே ஆக வேண்டும். அதுதான் வாங்குபவரின் பிடி. மீதி 20 பேர், பிள்ளைகள் வெளியூரில் இருக்கும் பெரியவர்கள். உப்பு குறைவாக, காரம் இல்லாமல் அத்தை தனியாகச் செய்து தருவதால் அவர்கள் பேரம் பேசுவதே இல்லை.

சரக்கு தருபவர்களைப் பொருள்வாரியாகப் பிரித்து எழுதுங்கள். டெல்டாவில் அரிசிக்கு ஒரு கடை விலை ஏற்றினால் அடுத்த கடைக்குப் போகலாம். 19 கிலோ கேஸ் சிலிண்டருக்கு அப்படி முடியாது, சொன்ன விலைதான். உழைப்பும் சரக்குதான் என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்: நடவு நேரத்தில் காய் நறுக்கும் அக்கா வயலுக்குப் போய்விட்டால் கூலியை ஏற்றாமல் ஆள் கிடைக்காது.

மாற்று என்றால் இன்னொரு மெஸ் என்று எழுதாதீர்கள், அது போட்டியாளர். அதே பசியை வேறு வழியில் தீர்ப்பதுதான் மாற்று: வீட்டிலிருந்து கட்டிவரும் தயிர்சாதம், அம்மா உணவகத்தின் 5 ரூபாய் சாம்பார் சாதம். அலுவலகக்காரர்களுக்கு இவை கைக்கெட்டும், நடக்க முடியாத பெரியவர்களுக்கு எட்டாது.

புதிதாக நுழைபவர்களுக்குத் தடை குறைவு. அடுப்பும் பாத்திரமும் வீட்டிலேயே இருக்கின்றன, உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்வதும் பெரிய வேலை இல்லை. உண்மையில் கவனிக்க வேண்டியது கேரியர் கொண்டுபோகும் தம்பியை. எல்லா வீடும் அவருக்குத்தான் தெரியும், நாளைக்கே தனியாக ஆரம்பிக்கலாம்.

கடைசியாகப் போட்டி. சமைத்த சோறு மறுநாளைக்கு நிற்காது, மிஞ்சினால் யாரும் விலையைக் குறைத்துத் தள்ளத்தான் பார்ப்பார்கள். எதிர்வீட்டுக்காரர் 60 ரூபாய்க்கு இறக்கினால் நம்மிடம் எத்தனை பேர் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்க வருவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பெரியவர்களில் ஒருவர்கூட வரமாட்டார் என்றார் அத்தை. அப்புறம் அலுவலகப் பங்கைப் பாதிக்குக் கீழே கொண்டுவர, அடுத்த இரண்டு தெருக்களில் தனியாக இருக்கும் பெரியவர்கள் யார் யார் என்று பட்டியல் போட ஆரம்பித்தார்.