வெளிக்காற்றும் திரும்பும் காற்றும் கலந்தபின் காயில் சுமை: ஒரு தேர்வுக் கணக்கு, படிப்படியாக

குளிர்பதனவியல் தாளில் அடிக்கடி வரும் ஒரு கணக்கை இங்கே முழுமையாகச் செய்து காட்டுகிறேன். சூத்திரங்கள் தெரிந்திருந்தும் மாணவர்கள் இதில் மதிப்பெண் இழப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கொடுக்கப்பட்ட கனஅளவை நிறையாக மாற்றும் படியை அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். ஆகவே அந்தப் படியில் அதிக நேரம் நிற்கிறேன். சைக்ரோமெட்ரிக் வரைபடத்தில் ஒரு நிலையைப் புள்ளியாகக் குறிக்கத் தெரியும், நீராவி அட்டவணை கையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

கணக்கு

38 °C உலர் குமிழ் வெப்பநிலையும் 45% ஒப்பு ஈரப்பதமும் கொண்ட வெளிக்காற்று வினாடிக்கு 0.5 கனமீட்டர் வீதம் உள்ளே எடுக்கப்படுகிறது. அறையிலிருந்து 25 °C, 50% நிலையில் வினாடிக்கு 1.5 கனமீட்டர் காற்று திரும்பி வந்து அதனுடன் கலக்கிறது. கலவை, குளிர்விக்கும் காயிலைக் கடந்து 13 °C, 95% நிலையில் வெளியேறுகிறது. கனஅளவுகள் அந்தந்தக் காற்றின் நிலையிலேயே அளக்கப்பட்டவை. காற்றழுத்தம் 101.325 கிலோபாஸ்கல். கலவையின் நிலை, காயிலின் சுமை, ஒரு மணி நேரத்தில் வடியும் நீரின் நிறை ஆகியவற்றைக் காண்க.

முதலில் நிலைகளுக்கு எண் கொடுத்துவிடுங்கள்: வெளிக்காற்று 1, அறைக்காற்று 2, கலவை 3, காயிலை விட்டு வெளியேறும் காற்று 4. இந்த எண்கள் விடைத்தாளின் கடைசி வரி வரை மாறக்கூடாது.

படி 1: தெரிந்த மூன்று நிலைகளின் பண்புகள்

ஈரப்பத விகிதம், என்தால்பி, தன்பருமன் ஆகிய மூன்றும் தேவை. மூன்றும் ஒரு கிலோகிராம் உலர் காற்றை அடிப்படையாகக் கொண்டவை.

```
pv = RH × ps
W  = 0.622 pv / (p − pv)
h  = 1.006 t + W (2501 + 1.86 t)
v  = 0.287 (t + 273.15) / (p − pv)
```

நீராவி அட்டவணையில் 38 °C, 25 °C, 13 °C ஆகியவற்றுக்கான தெவிட்டிய அழுத்தங்கள் முறையே 6.632, 3.169, 1.498 கிலோபாஸ்கல். இவற்றை இட்டால் கிடைப்பவை:

```
1:  W = 0.01888   h = 86.77 kJ/kg   v = 0.908 m³/kg
2:  W = 0.00988   h = 50.32 kJ/kg   v = 0.858 m³/kg
4:  W = 0.00886   h = 35.45 kJ/kg
```

வரைபடத்தில் நேரடியாகப் படித்தும் இந்த மதிப்புகளை எடுக்கலாம். ஆனால் வினாத்தாளில் ஒப்பு ஈரப்பதம் கொடுக்கப்பட்டிருந்தால் சூத்திரத்தில் கணக்கிட்டுவிட்டு, வரைபடத்தைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துவதையே நான் பரிந்துரைப்பேன். 45% கோடு பெரும்பாலான வரைபடங்களில் அச்சிடப்பட்டிருக்காது. இரண்டு கோடுகளுக்கு நடுவே கண்ணால் மதிப்பிடும்போது ஏற்படும் சிறு பிழை என்தால்பியில் நுழைந்து, பிறகு நிறையால் பெருக்கப்பட்டுப் பெரிதாகிறது. வரைபடம் கிராம் அலகில் ஈரப்பத விகிதத்தைக் காட்டினால், சூத்திரத்தில் இடும் முன் 1000 ஆல் வகுக்க மறக்காதீர்கள்.

படி 2: கனஅளவிலிருந்து உலர் காற்றின் நிறைக்கு

கவனம் வேண்டிய இடம் இதுதான். கலவைச் சமன்பாடுகள் ஆற்றலையும் நீரையும் சமன் செய்கின்றன. அந்தச் சமன்பாடுகளில் வரும் என்தால்பியும் ஈரப்பத விகிதமும் ஒரு கிலோகிராம் உலர் காற்றுக்கானவை. எனவே அவற்றோடு பெருக்கப்பட வேண்டியதும் உலர் காற்றின் நிறையே. கனஅளவும் அல்ல, ஈரக்காற்றின் மொத்த நிறையும் அல்ல. உலர் காற்றை அடிப்படையாகத் தேர்ந்தெடுத்ததற்கு நல்ல காரணம் உண்டு. காயிலில் நீராவியின் ஒரு பகுதி நீராகி வடிந்துவிடும், உலர் காற்று மட்டும் நுழைந்த அளவிலேயே வெளியேறும். அந்த மாறாத அளவைப் பிடித்துக்கொண்டால் கணக்கு முழுவதும் ஒரே நிறையோடு நகரும்.

ஒவ்வொரு ஓட்டத்தின் கனஅளவையும் அதனதன் தன்பருமனால் வகுக்க வேண்டும்.

```
m1 = 0.5 / 0.908 = 0.5507 kg/s
m2 = 1.5 / 0.858 = 1.748 kg/s
m3 = m1 + m2     = 2.299 kg/s
```

வெளிக்காற்று சூடானது, ஈரம் மிகுந்தது. இரண்டு காரணங்களாலும் அதன் ஒரு கிலோகிராம் உலர் காற்று அதிக இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் கனஅளவில் 25% ஆக இருந்த வெளிக்காற்று, நிறையில் 0.5507 / 2.299, அதாவது 23.95% மட்டுமே.

இரண்டு ஓட்டங்களுக்கும் 1.2 கிலோகிராம்/கனமீட்டர் என்ற ஒரே அடர்த்தியை எடுத்தால் மொத்த நிறை வினாடிக்கு 2.4 கிலோகிராம் என்றும் வெளிக்காற்றின் பங்கு 25% என்றும் வரும். அதே கணக்கைத் தொடர்ந்து செய்தால், வடிநீரைக் கழிக்கும் முன் சுமை 57.6 கிலோவாட். அதே இடத்தில் நாம் பெறப்போகும் 54.26 கிலோவாட்டைவிட இது சுமார் 6% அதிகம். கலவையின் நிலையை மட்டும் பார்த்தால் இந்தப் பிழை தெரியாது, ஏனெனில் வெப்பநிலை 0.1 °C அளவே மாறுகிறது. பிழையின் பெரும்பகுதி மொத்த நிறையில் மறைந்திருக்கிறது.

தன்பருமனால் வகுக்கும் இந்தப் படியை எப்போதும் செய்ய வேண்டும் என்றும் பொருள் கொள்ள வேண்டாம். வினாவில் “நிறை அடிப்படையில் 25% வெளிக்காற்று” என்று இருந்தால் பங்கை மாற்றத் தேவையில்லை. “நியம காற்று” என்று சொல்லிக் கனஅளவைக் கொடுத்திருந்தால் 1.2 என்பதே சரியான எண். கனஅளவு எந்த நிலையில் அளக்கப்பட்டது என்று வினா சொல்கிறதா என்பதைப் பார்த்துவிட்டே எழுதத் தொடங்குங்கள். சொல்லாவிட்டால் நீங்கள் எடுத்துக்கொண்டதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

படி 3: கலவையின் நிலை

வெளிக்காற்றின் நிறைப் பங்கை x என்று கொண்டால், அறைக்காற்றிலிருந்து தொடங்கி அந்தப் பங்கு தூரம் வெளிக்காற்றை நோக்கி நகர்கிறோம்.

```
x  = 0.2395
h3 = 50.32 + 0.2395 (86.77 − 50.32)       = 59.05 kJ/kg
W3 = 0.00988 + 0.2395 (0.01888 − 0.00988) = 0.01204
t3 ≈ 25 + 0.2395 (38 − 25)                = 28.1 °C
```

வரைபடத்தில் 1, 2 ஆகிய புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டின் மேல் 3 அமையும்; நிறை அதிகமுள்ள ஓட்டத்தின் பக்கமாக, இங்கே அறைக்காற்றின் பக்கமாக, நெருங்கியிருக்கும். கோட்டின் நீளத்தை அளவுகோலால் பிரிக்கும்போது எந்த முனையிலிருந்து அளப்பது என்ற குழப்பம் வந்தால், கணக்கிட்ட 28.1 °C ஐ வைத்து உறுதி செய்துகொள்ளலாம்.

ஒப்பு ஈரப்பதத்தை மட்டும் இப்படிப் பங்கிட்டுச் சேர்க்கக் கூடாது. இந்தக் கணக்கில் பங்கிட்டால் 48.8% வரும், கலவையின் உண்மையான ஒப்பு ஈரப்பதமோ சுமார் 50%. இங்கே வேறுபாடு சிறியது. ஆனால் தெவிட்டிய அழுத்தம் வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறுவதில்லை என்பதால், குளிர்ந்த வெளிக்காற்று வரும் கணக்குகளில் இந்த வேறுபாடு மிகப் பெரிதாகிவிடும்.

படி 4: காயில் சுமை

கலவையின் பனிநிலை ஏறத்தாழ 17 °C. காற்று 13 °C வரை குளிர்வதால் நீர் வடியும் என்பது உறுதி. முதலில் நீர், பிறகு சுமை:

```
mw = 2.299 (0.01204 − 0.00886) = 0.0073 kg/s ≈ 26.3 kg/h
Q  = 2.299 (59.05 − 35.45)     = 54.26 kW
```

வடியும் நீர் தன்னோடு சிறிதளவு என்தால்பியை எடுத்துச் செல்கிறது. அது 13 °C இல் வெளியேறுவதாகக் கொண்டால் 0.0073 × 54.6, அதாவது 0.40 கிலோவாட். இதைக் கழித்தால் காயிலின் சுமை 53.86 கிலோவாட், 3.517 ஆல் வகுத்தால் 15.3 டன் குளிர்பதனம். ஒரு சதவீதத்துக்கும் குறைவான இந்தப் பகுதியைப் பல தீர்வுகள் விட்டுவிடுகின்றன. நான் எழுதச் சொல்வேன்: ஒரு வரிதான் கூடுகிறது, ஆற்றல் சமன்பாடும் முழுமையடைகிறது. விட்டுவிடுவதாக இருந்தால் “வடிநீரின் என்தால்பி புறக்கணிக்கப்படுகிறது” என்று எழுதிவிடுங்கள்.

இந்தப் படியில் வரும் பெரிய தவறு, கலவையின் என்தால்பிக்குப் பதிலாக அறையின் என்தால்பியை இடுவது. அப்போது 2.299 × (50.32 − 35.45) என்று 34.19 கிலோவாட் கிடைக்கும். அந்த எண் பயனற்றது அல்ல. அது அறையின் சுமை. காயிலோ அறையிலிருந்து வரும் வெப்பத்தோடு, வெளிக்காற்றை அறையின் நிலைக்குக் கொண்டுவரும் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. ஆகவே கையில் ஒரு நல்ல சரிபார்ப்பு இருக்கிறது:

```
அறைச் சுமை        = 2.299 (50.32 − 35.45) = 34.19 kW
வெளிக்காற்றுச் சுமை = 0.5507 (86.77 − 50.32) = 20.07 kW
கூட்டுத்தொகை                               = 54.26 kW
```

வடிநீரைக் கழிக்கும் முன் பெற்ற சுமையோடு இது அப்படியே பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் கலவைப் படியில் பங்கை இடம் மாற்றி எழுதியிருக்கிறீர்கள், அல்லது ஏதோ ஒரு நிறை தவறு. ஆனால் கனஅளவை நிறையாக மாற்றாத தவறை இந்தச் சரிபார்ப்பு காட்டிக்கொடுக்காது. தவறான நிறைகளோடு செய்தாலும் இரு பக்கமும் ஒன்றாகவே வரும். படி 2 ஐத் தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பின்னர் சேர்த்தது

உணர் வெப்பத்தையும் உள்ளுறை வெப்பத்தையும் பிரித்துக் கேட்டால் என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கலவையின் வெப்பநிலையும் காயில் வெளியேற்றத்தின் ஈரப்பத விகிதமும் கொண்ட ஒரு துணைப் புள்ளியை எடுங்கள். அதன் என்தால்பி 50.94. அதிலிருந்து 4 வரை உணர் வெப்பம், 3 இலிருந்து அது வரை உள்ளுறை வெப்பம்.

```
உணர் வெப்பம்    = 2.299 (50.94 − 35.45) ≈ 35.6 kW
உள்ளுறை வெப்பம் = 2.299 (59.05 − 50.94) ≈ 18.6 kW
காயிலின் உணர் வெப்பக் காரணி = 35.6 / 54.26 ≈ 0.66
```

ஒப்பு ஈரப்பதத்துக்குப் பதில் ஈரக் குமிழ் வெப்பநிலை கொடுக்கப்பட்டால் முதல் சூத்திரம் மட்டுமே மாறும். ஈரக் குமிழ் வெப்பநிலைக்கான தெவிட்டிய அழுத்தத்திலிருந்து 0.000665 × p × (உலர் குமிழ் − ஈரக் குமிழ்) என்பதைக் கழித்தால் நீராவியின் பகுதி அழுத்தம் கிடைக்கும். அதன்பின் எல்லாப் படிகளும் மேலே உள்ளபடியே.