எடுத்து முடித்த நோய் விடுப்பைத் தற்செயல் விடுப்பாக மாற்றும் முறை

சென்ற ஆண்டு காய்ச்சலால் 15ஆம் தேதி திங்கள் முதல் புதன் வரை நோய் விடுப்பு எடுத்தேன். கஞ்சியும் மாத்திரையுமாக வீட்டிலேயே படுத்திருந்ததால் மருத்துவரைப் பார்க்கவில்லை. எங்கள் அலுவலகத்தில் இரண்டு நாளுக்கு மேற்பட்ட நோய் விடுப்புக்கு மருத்துவச் சான்று கட்டாயம் என்பதால், அந்த மூன்று நாளையும் தற்செயல் விடுப்பாக மாற்ற வேண்டியதாயிற்று.

முதலில் இருப்பைப் பாருங்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 இவ்விரு விடுப்புகளுக்கும் ஆண்டுக்குத் தனித்தனியே 12 நாள் வரை வழங்குகிறது. ஆனால் தற்செயல் விடுப்பைத் தொடர்ச்சியாக எத்தனை நாள் எடுக்கலாம் என்பதை அந்தந்த நிறுவன விதியில்தான் பார்க்க வேண்டும்.

அடுத்த படியில்தான் நான் தவறினேன். ஒப்புதல் பெற்ற விடுப்பின் வகையை எங்கள் போர்ட்டலில் திருத்த முடியாது. அதை ரத்து செய்துவிட்டுப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். 23ஆம் தேதி மாலை நான் பழையதை ரத்து செய்து புதியதை அனுப்பியபோது மேலாளர் ஊரில் இல்லை. ரத்து உடனே பதிவாகிவிட்டது, புதிய விண்ணப்பமோ ஒப்புதலுக்குக் காத்து நின்றது. 24ஆம் தேதி சம்பளக் கணக்கை மூடியபோது அந்த மூன்று நாளும் வராத நாள்களாகக் கணக்கிடப்பட்டு, லாஸ் ஆஃப் பே ஆகிவிட்டன. பிடித்த பணம் அடுத்த மாதம்தான் நிலுவைத் தொகையாக வந்தது.

ஆகவே, எதையும் ரத்து செய்யும் முன் மேலாளருக்கும் எச்.ஆருக்கும் சேர்த்து ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். அரட்டைச் செயலியில் கேட்பதை நான் பரிந்துரைப்பதில்லை. சம்பளப் பிரிவு பின்னர் ஆதாரம் கேட்டால் எடுத்துக்காட்ட மின்னஞ்சலே உதவும். நான் இப்போது எழுதுவது இப்படி:

"15 முதல் 17 வரை நோய் விடுப்பு எடுத்திருந்தேன். மருத்துவச் சான்று இல்லாததால் அந்த மூன்று நாளையும் தற்செயல் விடுப்பாக மாற்றித் தர வேண்டுகிறேன். தற்செயல் விடுப்பு இருப்பு 5 நாள். தங்கள் தரப்பிலேயே மாற்ற இயலுமா, நான் ரத்து செய்து மீண்டும் விண்ணப்பிக்க வேண்டுமா எனத் தெரிவிக்கவும்."

உண்மையான காரணத்தையே எழுதுங்கள். தவறுதலாக வகையை மாற்றித் தேர்ந்தெடுத்துவிட்டதாகச் சொன்னால், முன்பு காய்ச்சல் என்று நீங்களே அனுப்பிய செய்தி அதற்கு முரணாக நிற்கும். ரத்து செய்யச் சொன்னால், மேலாளர் அன்றே ஒப்புதல் தருவார் என்பதை உறுதிப்படுத்திக்கொண்டு, சம்பளக் கணக்கு மூடும் நாளுக்குச் சில நாள் முன்பே இரண்டையும் முடித்துவிடுங்கள். பிறகு வருகைப் பதிவில் அந்த நாள்கள் புதிய வகையில் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

பிற்சேர்க்கை: இ.எஸ்.ஐ. உறுப்பினரான வாசகர் ஒருவர் கேட்டதால் இதையும் சேர்க்கிறேன். ஊதியத்துடன் கூடிய விடுப்பில் இருக்கும் நாளுக்கு இ.எஸ்.ஐ. நோய்க்கால உதவித்தொகை கிடைக்காது. அந்த நாள்களுக்கு ஏற்கெனவே உதவித்தொகை கோரியிருந்தால், அதை எச்.ஆரிடம் தெரிவிக்காமல் வகை மாற்றம் கேட்க வேண்டாம்.