ஒரே கேமரா, இரண்டு நாள் ஷூட்டிங்: ஸ்கிரிப்டிலிருந்து ஷாட் லிஸ்ட் போடுவது எப்படி

மாணவர் குறும்படங்களில் ஷாட் லிஸ்ட் என்ற பெயரில் பெரும்பாலும் இருப்பது, இயக்குநர் மனதில் ஓடும் படத்தின் வரிசை. அந்த வரிசையிலேயே எடுக்கப் போனால் முதல் நாள் மதியமே நேரம் கைமீறிவிடும். ஒரே கேமராதான் என்றால், லிஸ்ட்டைக் கதை வரிசையில் யோசித்து, கேமரா நிற்கும் இட வரிசையில் திருப்பி எழுத வேண்டும். அதை ஒரே ஒரு சீனை வைத்துப் பார்ப்போம்.

கதை ஐந்து பக்கம், ஐந்து சீன். திருவல்லிக்கேணியில் ஒரு சின்ன ஹால், அதே வீட்டு மொட்டை மாடி, தெருமுனை டீக்கடை. மூன்றாவது சீன் இது: காலை. தங்கை கவிதா, ஹேங்கரில் தொங்கும் அண்ணன் சட்டைப் பையில் பஸ்ஸுக்குச் சில்லறை தேடுகிறாள். அடகுக்கடை ரசீது கையில் வருகிறது. அண்ணன் செந்தில் குளித்துவிட்டு வருகிறான். இருவருக்கும் வாக்குவாதம்.

1. கண்ணுக்குத் தெரியவேண்டியதை அடிக்கோடிடுங்கள்

முதலில் ஷாட்டைப் பற்றி யோசிக்காதீர்கள். பென்சிலோடு உட்கார்ந்து, பார்வையாளர் எதைப் பார்க்காவிட்டால் கதை புரியாதோ அதை மட்டும் அடிக்கோடிடுங்கள். இந்த சீனில் அப்படி நான்கு இடங்கள்: ரசீது கையில் வருவது, அதில் 'வளையல்' என்று எழுதியிருப்பது, செந்தில் ரசீதைப் பார்க்கும் நொடி, கவிதா ஒன்றும் கேட்காமல் அதை மறுபடி பையிலேயே வைப்பது. இவற்றின் ஷாட்டுகளுக்கு லிஸ்ட்டில் நட்சத்திரக் குறி போட வேண்டும். நேரம் போதாதபோது வெட்டப்படுவது நட்சத்திரம் இல்லாதவைதான்.

2. கதை வரிசையில் எழுதுங்கள்

3-1 வைட்: இருவரும், சீன் முழுவதும் ★
3-2 மிட்: கவிதா சட்டைப் பையில் கைவிடுகிறாள் ★
3-3 இன்சர்ட்: ரசீது ★
3-4 மிட்: கதவைத் திறந்து செந்தில் வருகிறான்
3-5 செந்தில் தோளுக்கு மேல் கவிதா, சஜஷன்
3-6 கவிதா தோளுக்கு மேல் செந்தில், சஜஷன்
3-7 க்ளோஸப்: கவிதா ★
3-8 க்ளோஸப்: செந்தில் ★

ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் லுக்கையும், அதாவது ஃப்ரேமில் யார் எந்தப் பக்கம் பார்க்கிறார் என்பதையும் எழுதிவிடுங்கள்: கவிதா ரைட் லுக், செந்தில் லெஃப்ட் லுக். கவிதாவிலிருந்து செந்தில் வரை இருவரையும் இணைத்துத் தரையில் ஒரு கோடு இருப்பதாக நினைத்து, கேமராவை எப்போதும் வாசல் பக்கமே வையுங்கள். கோட்டைத் தாண்டி ஒரு க்ளோஸப் எடுத்துவிட்டால், எடிட்டிங்கில் இருவரும் ஒரே பக்கம் பார்த்துப் பேசுவது போல இருக்கும். ஸ்பாட்டிலேயே கண்டுபிடிக்க, முன்னால் எடுத்த ஷாட்டை ஓடவிட்டு மூக்கு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். ஹாலை மேலிருந்து பார்ப்பது போல ஒரு வரைபடம் போட்டு, கேமரா இடங்களை அம்புக்குறியால் குறித்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

3. கேமரா நிற்கும் இடத்தை வைத்து ஒன்றுசேருங்கள்

உண்மையான வேலை இங்கேதான். எட்டு ஷாட் இருந்தாலும் கேமரா நிற்கும் இடம் நான்குதான். வாசல் ஓரத்தில் 3-1. செந்தில் பக்கமிருந்து கவிதாவை நோக்கி 3-2, 3-5, 3-7. கவிதா பக்கமிருந்து செந்திலை நோக்கி 3-4, 3-6, 3-8. கடைசியாக ரசீது.

அனுபவமில்லாத குழுவுக்கு ட்ரைபாடை நகர்த்தி, லைட்டை மாற்றி, ஃப்ரேம் வைக்க அரை மணி நேரம், ஒவ்வொரு ஷாட்டையும் எடுக்கக் கால் மணி நேரம் என்று வையுங்கள். கதை வரிசையில் போனால் எட்டு ஷாட்டுக்கும் எட்டு முறை நகர்த்த வேண்டும். மொத்தம் ஆறு மணி நேரம். இடவாரியாகப் போனால் நான்கே முறை. நான்கு மணி நேரம். ஒரு சீனிலேயே இரண்டு மணி நேரம் மிச்சம்.

வைட் ஷாட்டை முதலில் எடுப்பதற்குக் காரணம் உண்டு. எந்த வசனத்தில் கவிதா ரசீதை மடிக்கிறாள், செந்தில் துண்டை எந்தத் தோளில் போடுகிறான் என்பதெல்லாம் அதில்தான் முடிவாகும். க்ளோஸப்பில் அதையே திரும்பச் செய்ய வேண்டும், இல்லையென்றால் கட் ஒட்டாது. ஒரு அசிஸ்டென்ட் இதை மட்டும் எழுதிக்கொள்ளட்டும். ரசீது இன்சர்ட்டைக் கடைசிக்குத் தள்ளலாம். நேரம் போனால் வேறொரு நாள் ஜன்னலோரம் எடுத்துக்கொள்ளலாம். கையில் அதே வாட்ச், அதே நெயில் பாலிஷ் இருந்தால் போதும்.

4. வெளிச்சத்தையும் சத்தத்தையும் லிஸ்ட்டில் ஏற்றுங்கள்

லொகேஷன் பார்க்கப் போகும்போது, ஷூட்டிங் நடக்கப்போகும் அதே நேரத்தில் போங்கள். இந்த ஹாலின் ஜன்னல் வாசல் பக்கம், கிழக்கு பார்த்தது. காலை ஏழரைக்கு வெயில் தரையில் நீளமாக விழும், பதினொரு மணிக்கு ஜன்னலடிக்கே சுருங்கிவிடும். வைட்டில் தெரிந்த வெயில் பட்டை க்ளோஸப் எடுக்கும்போது இருக்காது. ஜன்னலுக்கு வெளியே ஒரு வெள்ளை வேட்டியை ஒற்றையாக விரித்துக் கட்டிவிட்டால் வெயில் பட்டையே விழாது, வெளிச்சம் மிருதுவாகி நான்கு மணி நேரமும் ஏறக்குறைய ஒரே மாதிரி நிற்கும். அந்த வேட்டியும் கயிறும் லிஸ்ட்டின் பொருள் பத்தியில் இருக்க வேண்டும்.

சத்தத்துக்காக டேக்கின்போது ஃபேனை நிறுத்துவீர்கள். அப்படியானால் வைட் ஃப்ரேமில் ஃபேன் தெரியக் கூடாது. சென்னை வெக்கையில் நின்றுபோன ஃபேனுக்குக் கீழே இருவர் சண்டை போடுவது உறுத்தும். 3-1க்கு எதிரே 'ஃபேன் ஃப்ரேமுக்கு வெளியே' என்று எழுதுங்கள். தண்ணீர் மோட்டார் போடும் நேரத்தை வீட்டுக்காரரிடம் கேட்டு அதையும் குறியுங்கள்.

5. இரண்டு நாளாகப் பிரியுங்கள்

மொட்டை மாடி சீனை முதல் நாள் மாலையே வையுங்கள். மழை வந்தாலும் இரண்டாம் நாள் மாலை கையில் இருக்கும். கடைசி நாளுக்கு வைத்தால் அந்த வாய்ப்பு இல்லை.

மாடி சீனில் 'கடலில் சூரியன் மறைகிறது' என்று ஸ்கிரிப்டில் இருந்தால் இப்போதே அடித்துவிடுங்கள். சென்னையில் கடல் கிழக்கே இருக்கிறது. அஸ்தமனம் வேண்டுமென்றால் மேற்கே கட்டடங்களும் தண்ணீர் டேங்குகளும்தான் பின்னணி. நேரமும் மாதத்தைப் பொறுத்தது: ஜூலையில் ஆறரை மணி தாண்டும், நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே முடிந்துவிடும்.

இங்கே மட்டும் ஹால் சீனின் வரிசையை நான் தலைகீழாக்குவேன். அஸ்தமனத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு போய், கேமரா இல்லாமல் சீன் முழுவதையும் ஒத்திகை பார்த்து அசைவுகளை முடிவு செய்துவிட்டு, டேங்க் நிழலில் க்ளோஸப்புகளை முதலில் எடுப்பேன். முகத்தை மட்டும் காட்டும் ஃப்ரேமில் வானம் எந்த நிறம் என்று யாருக்கும் தெரியாது. வைட்டில் வானம்தான் பாதி ஃப்ரேம், அதை ஏமாற்ற முடியாது. அதனால் நல்ல வெளிச்சம் வரும் கடைசி இருபது நிமிடம் வைட்டுக்கு.

ஆக முதல் நாள்: காலை ஏழரையிலிருந்து மூன்றாவது சீன், சாப்பாட்டுக்குப் பின் ஹாலில் முதல் சீன், மாலை மாடி. இரண்டாம் நாள்: கூட்டம் குறையும் மதியம் இரண்டு மணிக்கு மேல் டீக்கடை, இருட்டிய பிறகு ஹாலில் கடைசி சீன். அன்று காலை காலியாக இருக்கட்டும். முதல் நாள் விட்டுப்போன நட்சத்திர ஷாட்டுகளுக்கு அது தேவைப்படும்.

6. ஸ்பாட்டுக்குக் கொண்டுபோகும் தாள்

ஒரு நாளைக்கு ஒரே தாள். ஷாட் எண் கதை வரிசைப்படியே இருக்கட்டும், க்ளாப்பிலும் அதே எண்தான். எடிட்டர் அதை வைத்துத்தான் தேடுவார். வரிகள் மட்டும் எடுக்கப்போகும் வரிசையில் இருக்கும். முடிந்த ஷாட்டை அடித்து, நல்ல டேக் எண்ணைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரு கேமரா இடத்தைவிட்டு ட்ரைபாடைத் தூக்கும் முன், அந்த இடத்தின் எல்லா வரிகளும் அடிபட்டுவிட்டனவா என்று அசிஸ்டென்ட் வாய்விட்டுப் படிக்கட்டும்.