‘நாங்கள்’ என்றால் யார் யார்? கல்வி உதவிப் பத்திரத்தில் மெய்ப்புப் பார்ப்பவர் கோட்டைவிடும் இடங்கள்

கல்விக் கடன் பத்திரமோ உதவித்தொகைப் பத்திரமோ கைக்கு வந்ததும், பலர் அதைக் கட்டுரை மாதிரி மேலிருந்து கீழே ஒரே ஓட்டமாகப் படித்துவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். அப்படிப் படித்தால் ஒற்றுப்பிழை அகப்படும். ஐந்தாம் பக்கத்துத் தொகை முதல் பக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்பது அகப்படாது, ஏனென்றால் ஐந்தாம் பக்கம் வருவதற்குள் முதல் பக்கம் மறந்துபோயிருக்கும். எனவே நான் பேனாவை எடுக்கும் முன் ஒரு வெள்ளைத் தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்கிறேன்: யார், எவ்வளவு, எதுவரை. பத்திரத்தில் ஆளோ தொகையோ காலமோ வரும் ஒவ்வொரு இடத்தையும் பிரிவு எண்ணோடு அதில் எழுதிவிடுவேன். பிறகு பத்திரத்தைவிட அந்தத் தாளைத்தான் அதிகம் படிப்பேன்.

ஒரு பத்திரத்தை வைத்தே பேசலாம். நான்காண்டுப் படிப்பு. ஒரு நிறுவனம் மாணவியின் செலவை ஏற்கிறது. படித்து முடித்ததும் அவர் 3 ஆண்டு அங்கே பணியாற்ற வேண்டும், இல்லையேல் பணத்தைத் திருப்ப வேண்டும். அப்பாவும் தாய்மாமனும் பிணையாளர்கள். கையெழுத்தான நாள் 2022 ஜூன் 10. இது யாருடைய உண்மைப் பத்திரமும் இல்லை. பல வரைவுகளில் திரும்பத் திரும்ப வரும் பிழைகளை ஒரே தாளில் கூட்டி வைத்திருக்கிறேன்.

இந்த வகைப் பத்திரங்கள் பெரும்பாலும் பழைய கோப்பை நகலெடுத்துத்தான் தயாராகின்றன. பழையதில் பிணையாளர் ஒருவர், இதில் இருவர். தட்டச்சு செய்தவர் முகப்பில் மட்டும் ‘பிணையாளர்கள்’ என்று திருத்திவிட்டார். ஏழாம் பிரிவு இப்படி நிற்கிறது:

“மாணவியாகிய நான் மேற்படி நிபந்தனையை மீறினால், நிறுவனம் கோரிய 30 நாட்களுக்குள் மேற்படி தொகையைச் செலுத்துவேன். தவறினால் நாங்கள் செலுத்துவோம் என்று பிணையாளர் உறுதி கூறுகிறார். மேலும், அவர் தம் முகவரி மாற்றத்தை உடனுக்குடன் தெரிவிப்பார்.”

எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை, ஆனால் மூன்று ஓட்டைகள் இருக்கின்றன. ‘நாங்கள்’ என்பது பிணையாளர் இருவரா, மாணவியும் சேர்ந்து மூவரா? ‘பிணையாளர்’ என்று ஒருமையில் நிற்பது அப்பாவா, மாமாவா? முகவரி மாறினால் தெரிவிக்க வேண்டிய ‘அவர்’ யார்? தமிழில் ‘அவர்’ ஆண், பெண் இருவருக்கும் மரியாதையாகப் பொருந்தும். பேச்சில் அது வசதி, பத்திரத்தில் அதுவே தொல்லை. வினைமுற்றும் ஆளைக் காட்டுவதால், செலுத்துவேன், செலுத்துவோம், செலுத்துவார் மூன்றும் மூன்று வேறு ஆட்களின் சட்டைப்பையைத் தொடுகின்றன. ஒரு பிரிவுக்குள் ‘நான்’ ஆளிலிருந்து ஆளுக்குத் தாவினால் வட்டம் போட்டுவிடுங்கள். எல்லாரையும் படர்க்கையில் வைத்து, ‘மாணவி’, ‘முதல் பிணையாளர்’, ‘இரண்டாம் பிணையாளர்’ என்று ஒவ்வொரு முறையும் முழுதாகச் சொல்வதே நல்ல பரிகாரம். காதுக்குச் சலிப்பாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

இதே இடத்தில் நல்ல தமிழறிவு உள்ளவர்கள் செய்யும் ஒரு தவறும் உண்டு. ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறதே என்று ஓரிடத்தில் பிணையாளர், இன்னோரிடத்தில் ஜாமீன்தாரர், மற்றோரிடத்தில் உத்தரவாதி என்று மாற்றிவிடுவார்கள். பத்திரத்தில் சொல் மாறினால் ஆள் மாறிவிட்டதாகவே படிப்பவர் நினைப்பார். அதைவிட மோசம், கடன் பத்திரங்களில் ‘இணைக் கடனாளி’யையும் பிணையாளரையும் ஒன்றாக எண்ணுவது. இணைக் கடனாளி என்பவர் கடனை வாங்கியவர்களில் ஒருவர், முதல் நாளிலிருந்தே அது அவருடைய கடன். பிணையாளர் பிறர் கடனுக்குப் பொறுப்பேற்பவர். அப்பாவை முகப்பில் ஒன்றாகவும் கையெழுத்துப் பக்கத்தில் மற்றொன்றாகவும் குறித்திருந்தால், எது சரி என்று நீங்களாக முடிவு செய்யாமல் கேள்வி எழுப்புங்கள்.

‘கூட்டாகவும் தனித்தனியாகவும்’ என்ற தொடரும் அப்படித்தான். இருவரில் ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம் என்று அதற்குப் பொருள். ‘சமபங்காக’ என்று இருந்தால் ஆளுக்குப் பாதி. ஏழாம் பிரிவில் முதலாவதும் பின்னிணைப்பில் இரண்டாவதும் இருந்தால், மாமா கையெழுத்துப் போடுவது முழுத் தொகைக்கா, பாதிக்கா என்பது அவருக்கே தெரியாது. இந்தத் தொடரை அழகுபடுத்த வேண்டாம், உள்ளபடி விடுங்கள்.

பெயர், முன்னெழுத்து, ‘மகன்/மகள்/மனைவி’ அடித்தல் ஆகியவற்றை அடையாள அட்டையோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டால் போதும். பழைய கோப்பின் ‘மகன்’ எங்காவது ஒளிந்திருக்கும்.

அடுத்தது தொகை. முகப்பில் ‘12,50,000 (பன்னிரண்டு லட்சத்து ஐயாயிரம்)’ என்று இருக்கிறது. வேகமாகப் படித்தால் கண் இதைத் தாண்டிப்போய்விடும். ஐயாயிரத்துக்கும் ஐம்பதாயிரத்துக்கும் தமிழில் அவ்வளவு நெருக்கம். எண்பதும் எண்ணூறும், தொண்ணூறும் தொள்ளாயிரமும் இதே குடும்பம். வித்தியாசம் இங்கே 45,000. காசோலை, கடனுறுதிச் சீட்டு போன்றவற்றில் எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதையே கொள்ள வேண்டும் என்று இந்தியாவின் 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் சொல்கிறது. நம் பத்திரம் அந்த வகையைச் சேர்ந்ததில்லை. ஆனாலும் தகராறு வந்தால் குறைந்த தொகை யாருக்கு லாபமோ அவர் முதலில் கையில் எடுப்பது இந்த வாதத்தைத்தான். எழுத்தில் உள்ள தொகையை இன்னொருவர் வாய்விட்டு வாசிக்க, நீங்கள் பத்திரத்தைப் பார்க்காமல் எண்ணாக எழுதிப் பாருங்கள். இரண்டையும் ஒரே கண்ணால் பார்த்தால் மூளை தானே சமாதானம் செய்துவிடும்.

பிறகு கூட்டிப் பாருங்கள். ஆண்டுக் கட்டணம் 2,40,000 வீதம் நான்கு ஆண்டுக்கு 9,60,000. விடுதிக்கும் நூல்களுக்கும் ஆண்டுக்கு 60,000 வீதம் 2,40,000. ஒருமுறை மட்டும் தரும் பயணச் செலவு 50,000. மொத்தம் 12,50,000. தவணைப் பட்டியலோ அரையாண்டுக்கு 1,50,000 வீதம் எட்டுத் தவணை என்கிறது, அதாவது 12,00,000. பயணச் செலவு அங்கே விடுபட்டிருக்கிறது. பிணையாளர் பிரிவு “பட்டியலில் கண்ட தொகைக்கு” என்று சுட்டினால், பிணை 12,00,000-க்குத்தான். மொத்தம் சரியாக இருக்கிறதே என்று திருப்தியடைந்தவர் இதைக் கோட்டைவிட்டிருப்பார்.

வட்டி என்ற சொல்லின் பக்கத்தில் நிற்கும் உருபையும் பாருங்கள். ‘வட்டி உட்பட 12,50,000 வரை’ என்றால் பிணையாளரின் உச்சவரம்பு அதுவே. ‘12,50,000-மும் அதற்கான வட்டியும்’ என்றால் உச்சவரம்பே இல்லை. 10 சதவீதத் தனிவட்டியில் இரண்டு ஆண்டு நிலுவை நின்றால் 15,00,000 ஆகிவிடும். ‘வட்டியுடன் 12,50,000’ என்பது இரண்டு பக்கமும் சாயும், நான் அதிகம் அஞ்சுவது அதற்குத்தான்.

ஒன்பதாம் பிரிவு, பணியாற்றிய மாதங்களுக்கு ஏற்பத் தொகை குறையும் என்கிறது. இரண்டு ஆண்டு வேலை பார்த்துவிட்டு விலகினால் 36 மாதத்தில் 12 மாதம் பாக்கி, கட்ட வேண்டியது 4,16,667. ஆனால் ஏழாம் பிரிவின் ‘மேற்படி தொகை’ முகப்பிலுள்ள முழுத் தொகையைக் காட்டுகிறது. மாணவிக்குக் கழிவு உண்டு, பிணையாளருக்கு இல்லை என்றாகிவிடுகிறது. ‘மேற்படி’ எங்கே வந்தாலும் விரலை வைத்து, எந்த மேற்படி என்று தேடிப் பிடிக்க வேண்டும்.

காலத்தில் பெரும்பாலோர் ‘3 ஆண்டு’ என்ற எண்ணைச் சரிபார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அது எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதில்தான் சிக்கல். கடைசித் தேர்வு 2026 மே 15, பட்டமளிப்பு நவம்பர் 20, பணியில் சேர்ந்தது 2027 பிப்ரவரி 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘படிப்பு முடிந்ததிலிருந்து’ என்றால் கட்டாயப் பணி 2029 மே 14-இல் முடியும். ‘பட்டம் பெற்றதிலிருந்து’ என்றால் 2029 நவம்பர் 19. ‘பணியில் சேர்ந்ததிலிருந்து’ என்றால் 2030 ஜனவரி 31. எட்டரை மாத வித்தியாசம், எண் எல்லாவற்றிலும் அதே 3. ஒரே பத்திரத்தில் இந்த மூன்று தொடர்களும் வெவ்வேறு பக்கத்தில் வருவது அபூர்வமில்லை.

இப்போது பிணையின் காலத்தைப் பாருங்கள். ‘இந்நாளிலிருந்து 7 ஆண்டுகள்.’ படிப்பு 4, பணி 3, கூட்டினால் 7, கணக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அது 2029 ஜூன் 9-உடன் முடிகிறது, பணியில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் கட்டாயப் பணி 2030 ஜனவரி வரை போகிறது. கடைசியில் ஏறக்குறைய எட்டு மாதத்துக்குப் பிணையே இல்லை. மாணவிக்கு ஒரு பாடம் தவறி, அரியர் எழுதிப் படிப்பு நீண்டால் இடைவெளி இன்னும் கூடும். இதைத் தேதிகளாக்கி ஒரு கோட்டில் வரைந்தால்தான் தெரியும். கடன் பத்திரத்தில் திருப்பிச் செலுத்தத் தொடங்கும் காலம் ‘வேலை கிடைத்த 6 மாதம் அல்லது படிப்பு முடிந்த 12 மாதம்’ என்று வந்தால், பின்னால் ‘எது முந்தியதோ’ இருக்கிறதா, ‘எது பிந்தியதோ’ இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா என்று பாருங்கள்.

கண்டுபிடித்த பிழையை நீங்களே திருத்திவிடுவது கடைசித் தவறு. 12,50,000-தான் சரி என்று தோன்றும். தோன்றினாலும் அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கி, அதில் உள்ளதை ஓரத்தில் கேள்வியாக எழுதி, பொறுப்பானவர் பதில் வந்தபின் மாற்றுங்கள். கையெழுத்தானபின் திருத்தம் வந்தால் மாணவியின் சுருக்கொப்பம் மட்டும் போதாது. பிணையாளர் சம்மதமின்றி நிபந்தனை மாற்றப்பட்டால், மாற்றத்துக்குப் பிந்தைய நடவடிக்கைகளில் அவர் பொறுப்பு நீங்கும் என்று இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 133-ஆம் பிரிவு சொல்கிறது. திருத்திய இடத்தில் மூவரும் ஒப்பமிட வேண்டும்.

திருத்தங்கள் ஏறியபின் இறுதி அச்சை மறுபடி ஒருமுறை பாருங்கள். ஒரு பிரிவு புதிதாக நுழைந்தால் ‘பிரிவு 7-இல் கண்டவாறு’ என்பது இப்போது எட்டாம் பிரிவைக் குறிக்க வேண்டியிருக்கும். வரியின் ஓரத்தையும் பாருங்கள்: ‘12,50,’ ஒரு வரியின் கடைசியிலும் ‘000’ அடுத்த வரியின் தொடக்கத்திலும் பிரிந்து நிற்கலாம்.