தாத்தா தூங்கவில்லை: இறப்பைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருநெல்வேலிப் பக்கத்தில் ஒரு துஷ்டி வீட்டில் பெரியவர்களுக்குக் கையும் காலும் ஓயாது. சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிட வேண்டும், பந்தல் போட வேண்டும், ஐஸ் பெட்டி வர வேண்டும், நீர்மாலைக்கு ஆள் சேர வேண்டும். இந்த அமளிக்கு நடுவே நாலைந்து வயதுப் பிள்ளை ஒன்று பெட்டியருகே வந்து நின்று, "தாத்தாவுக்கு என்ன?" என்று கேட்கும்போது, அருகில் இருப்பவர் வாயில் முதலில் வருவது பெரும்பாலும் "தாத்தா தூங்குதாவ, சத்தம் போடாத" என்பதுதான். பிள்ளையின் மனம் நோகக் கூடாது என்ற அன்பில்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனாலும் சிறு பிள்ளைகளுக்கு இறப்பைப் பற்றிய அச்சத்தைக் கூட்டும் தவறுகளில் இதையே முதலாவதாக வைக்க வேண்டும். ஏனென்றால் அந்த வயதுப் பிள்ளை, சொல்லப்பட்டதைச் சொல்லப்பட்டபடியே எடுத்துக்கொள்ளும்.

இறப்பு என்றால் என்ன என்பது பெரியவர்களுக்கு ஒரே செய்தியாகத் தோன்றினாலும், அதற்குள் நான்கு தனித்தனி உண்மைகள் இருக்கின்றன. இறந்தவர் திரும்ப உயிர் பெறுவதில்லை. இறந்த உடல் மூச்சுவிடுவதோ, பசிப்பதோ, வலிப்பதோ இல்லை. உயிருள்ள எல்லாம் ஒரு நாள் இறக்கும். இறப்புக்கு உடல் சார்ந்த ஒரு காரணம் இருக்கும். பிள்ளைகள் இவற்றை ஒரே நாளில் அறிந்துகொள்வதில்லை. ஹங்கேரியில் மரியா நாகி என்ற உளவியலாளர் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்து 1948-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து வயதுக்குக் குறைந்தவர்கள் இறப்பை ஒரு பயணமாகவோ தூக்கமாகவோ, அதாவது திரும்பி வரக்கூடிய ஒன்றாகவே கருதியதைக் குறிப்பிட்டார். பின்னர் வந்த ஆய்வுகள், ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் பெரும்பாலான பிள்ளைகள் இந்த உண்மைகளைப் பெருமளவு பிடித்துக்கொள்கிறார்கள் என்று காட்டின. ஆகவே, இறப்பைத் தூக்கமாகக் காணும் பருவத்தில் இருக்கும் பிள்ளையிடம் நாமும் அதையே சொன்னால், அது தானாகக் கடந்து வரவேண்டிய குழப்பத்தில் அதை நிறுத்தி வைக்கிறோம்.

இது நடைமுறையில் எப்படி விளையும் என்பதற்கு ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். சேரன்மகாதேவியில் கூட்டுக் குடும்பம். பல ஆண்டுகளாக இதயநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுவந்த தாத்தா ஓர் இரவில் இறந்துவிடுகிறார். ஐந்து வயதுப் பேத்தியிடம் அவர் தூங்குவதாகச் சொல்கிறார்கள். கேதம் கேட்க வருபவர்களோ, "குடுத்து வச்ச மனுசன், தூக்கத்துலயே போயிட்டாவ" என்று ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். அதையும் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். மூன்றாம் நாளிலிருந்து பாய் விரித்ததும் அழத் தொடங்குகிறாள். நள்ளிரவில் எழுந்து அம்மாவின் கண்ணிமையை விரலால் தூக்கிப் பார்க்கிறாள். தம்பி மத்தியானம் கண்ணயர்ந்தால் உலுக்கி எழுப்புகிறாள். வீட்டில் உள்ளவர்கள், பிள்ளை பயந்துவிட்டது என்று விபூதி போட்டு, கயிறு கட்டுகிறார்கள். அவை அவளுக்குத் தெம்பு தரலாம், ஆனால் அவளுடைய அச்சம் பேயைப் பற்றியதன்று. தூங்கினால் செத்துப்போவார்கள் என்று அவள் தெளிவாகப் புரிந்துவைத்திருக்கிறாள், அவளுக்குக் கிடைத்த சொற்களிலிருந்து வேறு எதையும் புரிந்துகொள்ளவும் முடியாது.

இதைச் சரிசெய்ய நினைக்கும் அம்மா முதலில் செய்ய வேண்டியது விளக்கம் சொல்வதன்று, கேட்பது. படுக்கும் நேரத்தைத் தவிர்த்து, பகலில் அமைதியாக உட்கார்ந்து, "தாத்தாவுக்கு என்ன ஆச்சுன்னு நீ நினைக்க?" என்று கேட்டால், "தூங்குனாவ, அப்புறம் எந்திக்கவே இல்ல" என்று பிள்ளை தன் கணக்கைத் தானே சொல்லிவிடும். அதன்பின் திருத்துவது எளிது: "தாத்தா தூங்குதாவன்னு நாங்க சொன்னது தப்பு, ராசாத்தி. தாத்தா இறந்துட்டாவ. அவங்க நெஞ்சுக்குள்ள இருக்கிற இதயத்துக்கு ரொம்ப நாளா பெரிய நோய் இருந்துச்சு, அதுக்குத்தான் தெனமும் மாத்திரை சாப்பிட்டாவ. அந்த இதயம் துடிக்கிறத நிப்பாட்டிட்டு. அது நின்னுட்டா மூச்சும் நின்னுரும். இனி அதத் திரும்ப ஓட வைக்க யாராலயும் முடியாது." பிறகு, தூங்கும் தம்பியின் நெஞ்சில் அவள் கையை மெல்ல வைத்துவிட வேண்டும். துடிப்பு கைக்குத் தெரியும், வயிறு ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். "தூங்கும்போதும் இது ஓடிக்கிட்டே இருக்கும், பாத்தியா? தாத்தா தூங்குனதால இறக்கல. இதயம் நின்னது ராத்திரி நேரம், அதனால அப்போ படுத்திருந்தாவ, அவ்வளவுதான்." இப்படிக் கையால் தொட்டு அறிந்தது, பத்து முறை சொன்ன ஆறுதலைவிட அந்த வயதில் ஆழமாகப் பதியும். அச்சம் ஒரே நாளில் போய்விடாது. சில வாரங்களுக்கு அம்மா பக்கத்தில் படுப்பதும், விளக்கு எரிவதும், வழக்கமான நேரத்திலேயே படுக்கைக்குப் போவதும் தேவைப்படும்.

அடுத்து அவள் கேட்கக்கூடிய கேள்விகள் பெரும்பாலும் உடலைப் பற்றியவை. "பெட்டிக்குள்ள குளிராதா? மூக்குல பஞ்சு வச்சா மூச்சு முட்டாதா? தீ வச்சா தாத்தாவுக்குச் சுடாதா?" நல்லடக்கம் செய்யும் குடும்பத்தில் இதே கேள்வி, மண்ணுக்குள் இருட்டாக இருக்காதா என்று வரும். இவற்றை அபசகுனப் பேச்சு என்று அதட்டி அடக்குவது இரண்டாவது பெரிய தவறு. இறந்த உடலுக்கு உணர்ச்சி இல்லை என்ற உண்மையைப் பிள்ளை தேடுகிறது. அதைக் கொடுத்துவிட்டால் அச்சத்தின் பாதி இறங்கும். "தாத்தாவோட உடம்பு இப்ப வேலை செய்யல. அதுக்குக் குளிரும் தெரியாது, சூடும் தெரியாது, வலியும் தெரியாது" என்ற பதில் மூன்று வயதுக்கும் போதும், ஏழு வயதுக்கும் பொருந்தும். சுடுகாட்டில் நடப்பதை விவரிக்கத் தேவையில்லை, ஆனால் பிள்ளை கேட்டதை இல்லையென்று மறுக்கவும் கூடாது.

"தாத்தா ஊருக்குப் போயிருக்காவ" என்று சொல்லி வைத்தால், பிள்ளை வாசலில் காத்திருக்கும். நாளைக்கு அப்பா வேலை நிமித்தம் மதுரைக்குப் போனாலும் அலறும். "நல்லவங்கள சாமி கூப்பிட்டுக்கிடும்" என்பதில் சிக்கல் இன்னும் நுட்பமானது. நல்ல பிள்ளையாக இருந்தால் தன்னையும் கூப்பிட்டுவிடுமோ என்ற பயம் அதிலிருந்து பிறக்கலாம். இதனால், நம்பிக்கையுள்ள குடும்பங்கள் தங்கள் நம்பிக்கையை மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உடலுக்கு நேர்ந்ததை முதலில் சொல்லிவிட்டு, "தாத்தாவோட உயிர் சாமிகிட்ட இருக்குன்னு நாம நம்புறோம்" என்று அதன்பின் சொன்னால், இரண்டும் கலந்து குழப்பாது. அந்த வரிசைதான் முக்கியம்.

காரணத்தைச் சொல்லாமல் விடுவதும் தவறுதான், ஏனென்றால் காரணம் தெரியாத பிள்ளை ஒன்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். தன் நினைப்புக்கும் பேச்சுக்கும் உலகத்தை மாற்றும் வலிமை உண்டு என்று நம்பும் வயது அது. முந்தின நாள் தாத்தாவிடம் கோபித்துக்கொண்டு "போங்க, உங்ககூட பேசமாட்டேன்" என்று சொல்லியிருந்தால், தன் சொல்தான் அவரைக் கொன்றது என்று மனத்துக்குள் வைத்திருக்கலாம். "நீ பண்ணுற சேட்டையில என் உயிரே போகுது" என்று நாம் அன்றாடம் கத்துவதும் அந்தக் கணக்கில் சேர்ந்துகொள்ளும். எனவே பிள்ளை கேட்காவிட்டாலும், "நீ சொன்னதாலயோ நினைச்சதாலயோ தாத்தா இறக்கல" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். காரணமாக நோயைச் சொல்லும்போது, சளி, காய்ச்சல் போன்றதன்று அது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இல்லையேல் அடுத்த காய்ச்சலில் பிள்ளை நடுங்கும்.

எல்லாக் கேள்விகளிலும் கடினமானது, "அம்மா, நீயும் செத்துப்போவியா?" என்பது. "சேச்சே, அம்மா உன்ன விட்டுட்டு எங்கயும் போவமாட்டேன்" என்பது தாயின் நாவில் தானாக வரும், ஆனால் அது காப்பாற்ற முடியாத வாக்கு. நாலு வயதுப் பிள்ளை இந்தக் கேள்வியில் பெரும்பாலும் தெரிந்துகொள்ள விரும்புவது, தன்னை யார் குளிப்பாட்டி, சோறூட்டி, பக்கத்தில் படுக்க வைப்பார்கள் என்பதைத்தான். அதற்கு, "அம்மாவுக்கு இப்ப உடம்பு நல்லா இருக்கு. ரொம்ப ரொம்ப நாள் உன்கூட இருப்பேன்னு நினைக்கேன். உன்னப் பாத்துக்கிட அப்பா இருக்காவ, ஆச்சி இருக்காவ, அத்தை இருக்கா" என்று பெயர் சொல்லிப் பதில் தருவது நேர்மையானது, பிள்ளையைத் தாங்குவதும்கூட. ஏழெட்டு வயதில் அதே கேள்வி வேறு பொருளில் வரும். அப்போது, "ஆமா, எல்லாரும் ஒரு நாள் இறப்போம், பெரும்பாலானவங்க ரொம்ப வயசான பிறகுதான்" என்று நேராகச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் இறந்த யாரையாவது அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கலாம் என்பதால், வயதானவர்கள் மட்டும்தான் இறப்பார்கள் என்று உறுதி கூறிவிடக் கூடாது.

சடங்குகளில் பிள்ளைகளைச் சேர்ப்பதா, பக்கத்து வீட்டில் விட்டுவைப்பதா என்பதில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கும் வழக்கமுள்ள வீடுகளில், மிரண்டு நிற்கும் பிள்ளையின் கையைப் பிடித்திழுத்து நிறுத்துவதும், காரணம் சொல்லாமல் ஒளித்துவைப்பதும் ஒரே அளவில் தீங்கு. சங்கு ஊதுவார்கள், பெரியவர்கள் உரக்க அழுவார்கள், தாத்தாவின் வாயைத் துணியால் கட்டி நெற்றியில் காசு வைத்திருப்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, வருகிறாயா என்று கேட்டு, வேண்டாமென்றால் விட்டுவிட வேண்டும். வருவதானால், அந்தப் பிள்ளையை மட்டும் கவனிக்க, சித்தியோ மாமாவோ யாராவது ஒருவர் கூடவே இருந்து, போதுமென்றதும் வெளியே அழைத்துப் போக வேண்டும்.

பதில் சொன்ன பிறகும் பிள்ளை மறுநாளே, "தாத்தா எப்பம் வருவாவ?" என்று கேட்கும். அழுதுகொண்டிருந்தது, ஐந்து நிமிடத்தில் தெருவில் பம்பரம் விடும். பதினாறாம் நாள் முடிந்த பின் பொம்மையைப் படுக்க வைத்து மாலை போட்டு விளையாடும். இவற்றைப் பாசமில்லாமை என்றோ கெட்ட சகுனம் என்றோ எடுத்துக்கொள்ளாமல், ஒவ்வொரு முறையும் அதே பதிலை அதே சொற்களில் சொல்ல வேண்டும். படுக்கையை நனைப்பதும், அம்மாவை விட்டு நகராததும் சில வாரங்களுக்கு வருவது இயல்பே. ஆனால் தூக்கமும் சாப்பாடும் மாதக்கணக்கில் சீர்ப்படாமல் இருந்தாலோ, பள்ளிக்கூடம் போகவே மறுத்தாலோ காத்திருக்க வேண்டாம். "நானும் தாத்தாகிட்ட போறேன்" என்று பிள்ளை சொன்னால், திரும்பி வரலாம் என்ற எண்ணத்தில் சொல்கிறதா, சாக வேண்டும் என்ற எண்ணத்திலா என்று அப்போதே மென்மையாகக் கேட்டறிய வேண்டும். இரண்டாவது என்று சிறிது ஐயம் இருந்தாலும் பிள்ளையைத் தனியே விடாமல், பாளையங்கோட்டையில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடனே அழைத்துச் செல்லலாம். நேரில் போகுமுன் பேசிப் பார்க்க, 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.