சிவப்பு கேண்டில் என்றால் விலை இறங்கிவிட்டதா?

மதுரை கீழமாசி வீதியில் கடை நடத்தும் நண்பர்கள் சிலர், மாலையில் பங்கின் கேண்டில்ஸ்டிக் வரைபடத்தைத் திறந்து, சிவப்பைக் கண்டதும் நேற்றைவிட விலை குறைந்துவிட்டதாக எண்ணிக் கவலைப்படுகிறார்கள். பெரும்பாலான செயலிகளில் நிறம் அதைச் சொல்வதில்லை. வரைபடத்தில் ஒவ்வொரு கேண்டிலும் ஒரு நாள், 15 நிமிடம் என ஒரு காலப்பகுதியின் விலை நகர்வைக் காட்டும் சிறு கட்டம்; அந்தக் காலப்பகுதியின் தொடக்க விலையையும் முடிவு விலையையும் மட்டுமே நிறம் ஒப்பிடுகிறது.

ஒரு பங்கு நேற்று 400 ரூபாயில் முடிந்து, இன்று 412இல் தொடங்கி, 415 வரை ஏறி, 403 வரை இறங்கி, 406இல் முடிந்ததாகக் கொள்வோம். 412க்கும் 406க்கும் இடைப்பட்ட தடித்த பகுதி சிவப்பாக இருக்கும்; அதிலிருந்து மேலே 415 வரையும் கீழே 403 வரையும் மெல்லிய கோடுகள் நீளும். காலையில் 412க்கு வாங்கியவருக்கு இது நட்டம்தான். ஆனால் நேற்றைய முடிவைவிட விலை 6 ரூபாய் உயர்ந்தே இருக்கிறது. ஆகவே நிறத்தோடு நின்றுவிடாமல், முந்தைய கேண்டிலின் முடிவு விலையையும் அவசியம் பாருங்கள்.

உச்ச விலை முதலில் வந்ததா, தாழ்ந்த விலை முதலில் வந்ததா என்பதை நாள் கேண்டில் காட்டாது. அதை அறிய 15 நிமிடக் கேண்டிலுக்கு மாறினால், காலை 9.15 முதல் மாலை 3.30 வரையிலான வர்த்தகம் 25 கேண்டில்களாகப் பிரிந்து, ஏற்ற இறக்கங்களின் வரிசை பெரும்பாலும் தெளிவாகிவிடும்.